அச்சாரம் 200 ரூபாய்

சனிக்கிழமை காலை 11.20. மதுரையில் ஒரு மாடிக் கட்டடம், அதில் மூன்று நாற்காலி போட்ட பெண்கள் பார்லர். இரண்டு நாற்காலியில் ஆள் இருக்கிறது. நடு நாற்காலியில் மடித்து வைத்த துண்டும், அதன் மேல் கழுத்தில் கட்டும் கறுப்புத் துணியும் மட்டும் இருக்கின்றன. பக்கத்து டிராலியில் அயர்னிங் மெஷின் சூடாகிக்கொண்டிருக்கிறது. உரிமையாளரின் நோட்டில் அன்றைய பக்கத்தில் பச்சை மையால் எழுதியிருக்கிறது: ‘11 மணி, ஸ்மூத்தனிங், நீள முடி, புது கஸ்டமர்.’

“ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கிறாங்க” என்று மூன்றாவது முறையாகப் போனைக் கீழே வைக்கிறார் அவர். பத்தேமுக்காலுக்கு இரண்டு கல்லூரி மாணவிகள் வந்தார்கள். ஒருத்திக்கு ஹேர் கட், இன்னொருத்திக்கு ஹேர் ஸ்பா. “பதினோரு மணிக்கு புக்கிங் இருக்கும்மா, சாயந்தரம் வர்றீங்களா?” என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஜன்னல் வழியே பார்த்தால், அந்த இருவரும் எதிர்ப்பக்கக் கடையின் படியேறுவது தெரிந்தது.

பன்னிரண்டைத் தாண்டி ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப் சத்தம் கேட்டது. ‘ஸாரிக்கா, வீட்ல திடீர்னு விசேஷம். அடுத்த வாரம் வர்றேன்.’ உரிமையாளர் அதைப் படித்துவிட்டு, அயர்னிங் மெஷினை அணைக்கச் சொன்னார். கோபப்படவில்லை. நோட்டில் அந்த வரியின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். அந்த மாதத்தில் அது பதினேழாவது பெருக்கல் குறி.

பார்லர், பல் மருத்துவமனை, தோல் சிகிச்சை, பிசியோதெரபி என்று நேரம் ஒதுக்கி வேலை பார்க்கும் எல்லா இடத்திலும் இந்தப் பெருக்கல் குறி இருக்கிறது. இப்போது பல இடங்களில், ‘முதல் நாள் மெசேஜ் வரும், பதில் போடுங்க. 200 ரூபாய் அட்வான்ஸ் அனுப்புங்க, பில்லில் கழிச்சுக்கிறோம்’ என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ‘முடி வெட்டிக்கப் போறதுக்கு அட்வான்ஸா?’ என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு பக்கம், ‘கேட்டா கஸ்டமர் ஓடிடுவாங்களோ’ என்று பயப்படும் கடைக்காரர்கள் மறுபக்கம். மதுரைப் பார்லரின் நோட்டை மாதம் மாதமாகப் புரட்டிப் பார்த்தோம். பல் மருத்துவர், பார்லர் பணியாளர், வாடிக்கையாளர் என்று சிலரிடம் பேசினோம்.

காலி நாற்காலியின் கணக்கு

அந்தச் சனிக்கிழமையையே எடுத்துக்கொள்வோம். நீள முடிக்கு ஸ்மூத்தனிங் செய்யக் குறைந்தது நான்கு மணி நேரம். அலசி, உலர்த்தி, க்ரீம் போட்டு, காத்திருந்து, மறுபடி அலசி, சீவிச் சீவி அயர்ன் செய்து, நியூட்ரலைசர் போட வேண்டும். பாதி நேரம் இரண்டு பேர் நிற்க வேண்டும். பில் 4,500 ரூபாய். க்ரீமும் மற்றப் பொருள்களும் 1,200 ரூபாய்க்கு ஆகும். ஆள் வரவில்லை என்றால் டப்பாவைத் திறக்கப்போவதில்லை, அந்த 1,200 மிச்சம்தான். ஆனால், வாடகைக்கும் சம்பளத்துக்கும் கரன்ட் பில்லுக்கும் போக வேண்டிய 3,300 ரூபாய் வராது. திருப்பி அனுப்பிய இரண்டு மாணவிகளின் பில் இந்தக் கணக்கில் சேரவில்லை.

சேராத இன்னொன்றும் உண்டு. இந்தக் கடையில் பணியாளர்களுக்கு மாதச் சம்பளம் குறைவு, பெரிய வேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று இன்சென்டிவ் உண்டு. வடகிழக்கு மாநிலத்திலிருந்து வந்து ஆறு வருடமாக முடி வேலை பார்க்கும் பெண் ஒருவர், கொஞ்சம் தமிழும் கொஞ்சம் கையசைப்புமாகச் சொன்னார்: “சனி, ஞாயிறுதான் எனக்குப் பணம். ஒரு ஸ்மூத்தனிங் வரலைன்னா, அந்த வாரம் வீட்டுக்கு அனுப்புறது குறையும்.” வராமல் போன வாடிக்கையாளருக்கு இவரைத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ‘ஒரு கடை’, அவ்வளவுதான்.

சரி, ஏன் வராமல் போகிறார்கள்? ‘ஜனங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று சொல்லிவிடுவது சுலபம். நோட்டு அப்படிச் சொல்லவில்லை. வைகாசி மாதத்தில் அந்தக் கடையில் 140 புக்கிங். சொல்லாமல் வராதவர்கள் 26 பேர், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அந்த 26 பேரில் 15 பேர் ஐந்து நாளுக்கும் முன்னால் நேரம் வாங்கியவர்கள். அன்றைக்கே போன் செய்து நேரம் வாங்கியவர்களில் வராதவர்கள் வெறும் 3 பேர். அதாவது, வாங்கிய நாளுக்கும் வர வேண்டிய நாளுக்கும் இடைவெளி கூடக் கூட ஆள் நழுவுகிறார்.

மீதிக் காரணங்கள் நம் ஊருக்கே உரியவை. வெள்ளிக்கிழமை முடி வெட்டுவதற்கு நேரம் வாங்குவார்கள், வியாழன் இரவு மாமியார் காதில் விழும், அதோடு சரி. மணப்பெண் மேக்கப் ட்ரயலை வெள்ளி காலை 11 மணிக்குக் கொடுத்தால், அது ராகு காலம் என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். இந்தக் கடையில் இப்போது வெள்ளி 10.30 முதல் 12 வரை மணப்பெண் வேலை எதுவும் எழுதுவதில்லை. இதற்கு மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை, சுவரில் தொங்கும் நாள்காட்டி போதுமாக இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் சங்கடம். வர முடியாது என்று முதல் நாளே தெரிந்தவர்கள்கூடச் சொல்வதில்லை. “போன் பண்ணினா ‘ஏம்மா, என்ன ஆச்சு’ன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு காரணம் சொல்லணும். பேசாம இருந்துடலாம்னு தோணும்” என்றார் ஒரு வாடிக்கையாளர். பிறகு அந்தக் கடைப் பக்கமே போகக் கூச்சப்பட்டு வேறு கடைக்கு மாறிவிட்டாராம். ஒரு நாள் வருமானத்தோடு ஆளையும் சேர்த்துக் கடை இழந்தது இப்படித்தான்.

பதில் கேட்கும் மெசேஜ்

மறதிக்கும் சங்கடத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து, நினைவூட்டல். ஆனால், எப்படிப்பட்ட நினைவூட்டல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மதுரைக் கடைக்காரர் முதலில் அனுப்பிய மெசேஜ், ‘நாளை உங்கள் அப்பாயின்ட்மென்ட்டை மறவாதீர்கள். நன்றி.’ இரண்டு நீல டிக் விழும், ஆள் வர மாட்டார். படித்தவருக்குச் செய்வதற்கு எதுவும் இல்லாத மெசேஜ் அது. இப்போது அனுப்புவது வேறு மாதிரி:

> பெட்டிச் செய்தி: ஓர் எண் போதும்
>
> ‘வணக்கம். சனிக்கிழமை (12ஆம் தேதி) காலை 11 மணிக்கு உங்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம். சுமார் 4 மணி நேரம் ஆகும். வருவீர்கள் என்றால் 1, வேறு நாள் வேண்டும் என்றால் 2, வர முடியாது என்றால் 3 என்று அனுப்புங்கள். வெள்ளி மதியம் 2 மணிக்குள் பதில் வந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.’

இதில் ஒவ்வொரு சொல்லும் அடிபட்டுத் திருந்திய சொல். ‘நாளை மறுநாள்’ என்று எழுதியபோது, மெசேஜை ஒரு நாள் கழித்துப் படித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார்கள். அதனால் கிழமை, தேதி இரண்டும். ‘4 மணி நேரம் ஆகும்’ என்ற வரி வந்த பிறகு, ‘ஒரு மணிக்குக் குழந்தையை அழைக்கப் போகணுமே’ என்று பலர் முன்கூட்டியே நேரத்தை மாற்றினார்கள். ‘3’ என்ற எண்தான் உயிர்நாடி. காரணம் சொல்ல வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஓர் எண்ணைத் தட்டினால் தீர்ந்தது.

இல்லாததும் முக்கியம். மெசேஜில் என்ன வேலை என்று எழுதுவதில்லை. பார்லராவது பரவாயில்லை. தோல் மருத்துவமனையிலோ மகப்பேறு மருத்துவமனையிலோ சிகிச்சையின் பெயரைப் போட்டு அனுப்பினால், வீட்டில் யார் கையில் போன் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

எப்போது அனுப்புவது என்பதற்கும் ஒரு காரணம் வேண்டும். நான்கு மணி நேர வேலைக்கு முதல் நாள் இரவு அனுப்பினால், ‘3’ என்று பதில் வந்தும் பயனில்லை. அந்த இடத்தை நிரப்ப நேரமிருக்காது. எனவே இரண்டு நாள் முன்பு ஒரு மெசேஜ், அன்று காலை பதிலே கேட்காமல் ஒரு வரி. அரை மணி நேர வேலைக்கு முதல் மெசேஜ் தேவையில்லை, அன்று காலை வரி மட்டும் போதும். ஐப்ரோ த்ரெட்டிங்குக்கு எதுவுமே வேண்டாம். அதற்கெல்லாம் மெசேஜ் அனுப்பினால் ஜனங்கள் மியூட் செய்துவிடுவார்கள்.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பச் சோம்பல்பட்டு, வாட்ஸ்அப்பில் ‘பிராட்காஸ்ட் லிஸ்ட்’ போடுவார்கள். கடை எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். புது வாடிக்கையாளர் சேமித்திருக்க மாட்டார். யார் வராமல் போக வாய்ப்பு அதிகமோ அவருக்கே மெசேஜ் போகாது, கடைக்காரர் அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். மதுரைக் கடையில் இது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ‘க்விக் ரிப்ளை’ என்ற வசதியில் மெசேஜைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். `/sani` என்று தட்டினால் முழு மெசேஜும் வந்து நிற்கும், தேதியை மாற்றி ஒவ்வொருவருக்காக அனுப்புகிறார் வரவேற்பில் இருக்கும் பெண். ஒரு நாளைக்குப் பத்து நிமிட வேலை. மாலை வரை ஒற்றை டிக்கிலேயே நிற்கும் எண்களுக்கு மட்டும் போன்.

பெரிய மருத்துவமனைகள் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. அதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்பே பதிவு செய்ய வேண்டும். மூன்று நாற்காலிக் கடைக்கு அந்த அலைச்சல் தேவையே இல்லை.

> பெட்டிச் செய்தி: ஆய்வுகள் சொல்வது
>
> மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013இல் 8 ஆய்வுகளை அலசியது. நினைவூட்டல் இல்லாதபோது 67.8 சதவீதம் பேர் வந்தார்கள். செல்போன் செய்தி அனுப்பியபோது 78.6 சதவீதம், போனில் கூப்பிட்டபோது 80.3 சதவீதம். செய்தியும் போனும் கிட்டத்தட்ட ஒன்றுதான், செய்திக்குச் செலவு குறைவு.
>
> லண்டனின் பார்ட்ஸ் மருத்துவமனைக் குழுமத்தில், ‘நீங்கள் வராவிட்டால் சுகாதாரச் சேவைக்குச் சுமார் 160 பவுண்டு செலவு’ என்ற ஒரே வரியைச் செய்தியில் சேர்த்தார்கள். வராதவர்கள் 11.1 சதவீதத்திலிருந்து 8.4 சதவீதமாகக் குறைந்தார்கள். 2015இல் வெளியான ஆய்வு இது.
>
> இங்கிலாந்தில் சில கிளினிக்குகளில் அடுத்த வருகையின் தேதியை ஊழியர் எழுதிக் கொடுக்காமல், நோயாளியையே அட்டையில் எழுதச் சொன்னார்கள். வராதவர்கள் 18 சதவீதம் குறைந்தார்கள்.

மூன்றாவது செய்தியை வாசித்ததும் மதுரைக் கடைக்காரர் சிரித்தார். “நோட்டை அவங்க பக்கம் திருப்பி, ‘நீங்களே எழுதுங்கக்கா’ன்னு சொன்னாப் போதும்கிறீங்களா?” இப்போது அப்படித்தான் செய்கிறார்.

அட்வான்ஸா, அபராதமா?

நினைவூட்டல் மட்டும் வைத்து நடத்திய ஆனி மாதத்தில் 136 புக்கிங்குக்கு வராதவர்கள் 14. ‘3’ என்று முன்பே சொன்னவர்கள் 11 பேர், அவர்களின் இடத்தில் 7 பேரை நிரப்ப முடிந்தது. பாதி குறைந்தது. மிச்சமிருந்த 14 பேரில் பெரும்பாலோர் யார் என்று பார்த்தால், முதன்முறை வருபவர்கள், அதுவும் நீண்ட வேலைக்கு நேரம் வாங்கியவர்கள். மூன்று கடையில் ஒரே நாளுக்கு நேரம் வாங்கி வைத்து, கடைசியில் ஒன்றுக்குப் போகிறவர்கள். இவர்களுக்கு மறதியும் இல்லை, சங்கடமும் இல்லை. மெசேஜ் இவர்களிடம் செல்லாது.

இந்த இடத்தில்தான் முன்பணம் வருகிறது. இது நமக்குப் புதிதும் இல்லை. கல்யாண மண்டபத்துக்கு, சமையல்காரருக்கு, நாதஸ்வரத்துக்கு, பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காமல் நாள் நிற்காது. வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுக்கும் அந்தச் சிறு தொகைக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: அச்சாரம். பேச்சு உறுதியானது என்பதற்கு அடையாளம் அது. தவறினால் கட்டும் தண்டத்தொகை வேறு. இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர்கள் மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல கதை இஸ்ரேலில் நடந்தது.

ஹைஃபா நகரத்தில் குழந்தைக் காப்பகங்களில் பெற்றோர் மாலையில் தாமதமாக வந்து குழந்தையை அழைத்துப் போனார்கள். ஆறு காப்பகங்களில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ‘அதான் பணம் கட்டுகிறோமே’ என்று பெற்றோர் நிம்மதியாகிவிட்டார்கள். பிறகு அபராதத்தை நீக்கினாலும் தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை. யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு இது. தாமதமாக வருவதில் இருந்த கூச்சத்தைக் காப்பகம் ஒரு விலைக்கு விற்றுவிட்டது, திரும்ப வாங்க முடியவில்லை.

பார்லரிலும் இது நடக்கும். ‘200 ரூபாய்தானே, போனால் போகுது’ என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டால், சொல்லிவிட்டு வராமலிருப்பதற்கான காரணமும் போய்விடும். அதனால் மதுரைக் கடையின் விதி, வந்தவருக்குப் பில்லில் கழிவு, சொல்லிவிட்டு மாற்றுபவருக்கு அடுத்த நாளுக்கு அப்படியே நகர்வு, சொல்லி ரத்து செய்பவருக்கு அன்றே திரும்பப் பணம். மெசேஜில் குறித்த நேரத்துக்குள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பணம் கடையில் தங்குவது சொல்லாமல் வராதவருக்கு மட்டும். பணத்தைவிடச் ‘சொல்லுதல்’ முக்கியம் என்பதை விதியே சொல்லிவிடுகிறது.

எவ்வளவு வாங்குவது? முதலில் 500 ரூபாய் கேட்டுப் பார்த்தார். ஒரே வாரத்தில் நான்கு பேர் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று போனவர்கள் போனவர்களே. 200 ஆக்கினார். பில்லில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத தொகை, ஆனால் மூன்று கடையில் இடம் பிடித்து வைக்கிறவர் மூன்று இடத்திலும் கட்டத் தயங்கும் தொகை.

யாரிடம் வாங்குவது? எல்லோரிடமும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு முதன்முறை வருபவர், முகூர்த்த நாள் மேக்கப், இரண்டு முறை சொல்லாமல் வராதவர், இந்த மூன்று வகைதான். பத்து வருடமாக வரும் டீச்சரிடம் அட்வான்ஸ் கேட்டால் அவர் எழுந்து போய்விடுவார். போக வேண்டும்தான்.

பணம் வாங்கும் விதத்தில் இரண்டு எச்சரிக்கை. கடையின் கியூஆர் கோடுக்குத்தான் வர வேண்டும், பணியாளரின் சொந்த எண்ணுக்கு வரக் கூடாது. பணியாளர் வேலையை விட்டுப் போனால் கணக்கும் அவரோடு போய்விடும். ‘அனுப்பிட்டேன்’ என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பவும் கூடாது. போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிப்பது ஒரு நிமிட வேலை. யுபிஐ பரிமாற்றம் ஒவ்வொன்றுக்கும் 12 இலக்கக் குறிப்பு எண் உண்டு. கடையின் செயலியில் அந்த வரவைப் பார்த்து, கடைசி நான்கு இலக்கத்தை நோட்டில் எழுதுகிறார்கள். திருப்பித் தரும்போது தேடி எடுக்கவும் அதுதான் வழி.

> பெட்டிச் செய்தி: சட்டம் எந்தப் பக்கம்?
>
> ஒப்பந்தம் தவறினால் முன்பே குறித்த தொகையைக் கேட்கலாம், ஆனால் நியாயமான ஈட்டுத்தொகைக்கு மேல் கிடைக்காது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74. மிதமிஞ்சிய முன்வைப்புத் தொகையையும் இழப்புக்குப் பொருந்தாத தண்டத்தையும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று சேர்க்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 4,500 ரூபாய் வேலைக்கு 200 ரூபாய் நிற்கும். முழுத் தொகையையும் முன்கூட்டி வாங்கிக்கொண்டு ‘எந்தக் காரணத்துக்கும் திருப்பித் தர மாட்டோம்’ என்று போர்டு வைத்தால் நிற்பது சந்தேகம்.
>
> ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை, சேவைக்கான முன்பணத்தை வாங்கும்போதே வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அழகு நிலையச் சேவைக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

வலி நின்றதும் காணாமல் போகும் நோயாளி

மருத்துவமனைக் கதை இன்னும் சிக்கல். அங்கே வராமல் போவதில் பெரிய நஷ்டம் பெரும்பாலும் நோயாளிக்குத்தான்.

பல் மருத்துவர் ஒருவர் ரூட் கெனால் சிகிச்சையைச் சொன்னார். பலருக்கு இது இரண்டு, மூன்று அமர்வுகளில் நடக்கும். முதல் அமர்வில் பல்லைத் திறந்து, கெட்டுப்போன நரம்புப் பகுதியை எடுத்து, சுத்தம் செய்து, தற்காலிக சிமென்ட்டால் அடைப்பார்கள். பலருக்கு அதோடு வலி நின்றுவிடும். “அதுதான் பிரச்சினை. வலி இருந்தா ராத்திரி பத்து மணிக்கும் வருவாங்க. வலி நின்னா அடுத்த புதன்கிழமை வரணுங்கிறதே மறந்துடும்.” தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தேய்ந்து கசிந்தால், சுத்தம் செய்த வேரில் மறுபடி கிருமி போகும். வேரை அடைத்து முடித்தாலும் கேப் போடாமல் விட்டால், கடைவாய்ப் பல் ஒரு நாள் முறுக்குக் கடிக்கும்போது இரண்டாகப் பிளக்கக்கூடும். பிறகு பிடுங்குவது ஒன்றுதான் வழி.

அதனால் இவருடைய கிளினிக்கில் நினைவூட்டலின் வாசகம் வேறு: ‘உங்கள் பல்லில் இருப்பது தற்காலிக அடைப்பு. புதன் மாலை 6 மணிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.’ சிகிச்சை விவரத்தை மெசேஜில் போடக் கூடாது என்று சற்று முன்னால்தான் எழுதினேன். பல்லுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நோயாளியிடம் முதல் நாளே கேட்டு, அவர் சரி என்ற பிறகு அனுப்புகிறார் இந்த மருத்துவர்.

முன்பணம்? ஆலோசனைக்கும் வலியோடு வருபவருக்கும் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. கேப்புக்கு அளவெடுக்கும் நாளில் பாதித் தொகை வாங்குகிறார். அளவு லேபுக்குப் போய்விட்டால், நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் லேபுக்கு அவர் பணம் கட்டியாக வேண்டும். காரணம் வெளிப்படையாகத் தெரிவதால் யாரும் முறைப்பதில்லை.

இதற்கு மேல் மருத்துவத்தில் முன்பணத்தை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. டென்மார்க்கில் அரசு மருத்துவமனைப் புறநோயாளிகளிடம், வராவிட்டால் 250 குரோன் அபராதம் என்று சோதித்துப் பார்த்தார்கள். நினைவூட்டல் ஏற்கெனவே இருந்த இடத்தில் அபராதத்தால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. நம் ஊரில் அதற்கு மேலும் ஒரு தடை இருக்கிறது. டாக்டரிடம் வராமல் போகிறவர்களில் பலர், அன்றைக்குக் கையில் பணம் இல்லாததால் வராதவர்கள். தினக்கூலிக்காரரிடம் 200 ரூபாய் முன்பணம் கேட்டால் அவர் நேரமே வாங்க மாட்டார். நோட்டில் பெருக்கல் குறி குறையும், அவருடைய சர்க்கரை அளவு குறையாது.

‘என் நேரத்துக்கு யார் அட்வான்ஸ் தருவாங்க?’

வாடிக்கையாளர்களிடம் பேசியபோது அதிகம் கேட்ட குறை இது. ஒரு வங்கி ஊழியர் சொன்னார்: “பதினொன்றுக்கு வரச் சொல்லிட்டு, பன்னிரண்டே காலுக்கு உட்கார வைப்பாங்க. கேட்டா ‘அஞ்சே நிமிஷம் மேடம்’. நான் அட்வான்ஸ் கொடுக்கணும்னா, அவங்க லேட் பண்ணினா எனக்கு என்ன தருவாங்க?”

நியாயமான கேள்வி. ஒரு கிளினிக்கில் மாலை 6 மணி டோக்கனுக்கு நான் 8.40 வரை உட்கார்ந்திருக்கிறேன். வராதவர்களை ஈடுகட்ட ஒரே நேரத்துக்கு இரண்டு, மூன்று பேரை எழுதி வைப்பது அங்கே வழக்கம். எல்லோரும் வந்துவிட்டால் வரவேற்பறை பேருந்து நிலையமாகிவிடும். ‘ஆறு மணின்னா ஏழரைக்குப் போனா போதும்’ என்று அடுத்த முறை ஜனங்கள் தாமாகக் கணக்குப் போடுவார்கள். டாக்டர் இன்னும் இரண்டு பேரைக் கூடுதலாக எழுதுவார். நேரம் தவறும் பழக்கத்தை ஜனங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் இந்த டோக்கன் முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

மதுரைக் கடையில் இந்தக் கேள்விக்குப் பதிலாக விதியில் ஒரு வரி சேர்த்தார்கள்: கடையால் 20 நிமிடத்துக்கு மேல் தாமதமானால், கொடுத்த அட்வான்ஸைப் போல இரண்டு மடங்கு பில்லில் கழிவு. இதற்காக ஒவ்வொரு பெரிய வேலைக்குப் பிறகும் கால் மணி நேரம் காலியாக விட வேண்டியிருந்தது. “அந்த வரியைப் போட்ட பிறகுதான் அட்வான்ஸ் கேக்கவே எனக்கு வாய் வந்துச்சு” என்றார் உரிமையாளர்.

ஆவணிக் கணக்கு

ஆடியில் கடை வெறிச்சோடிக் கிடந்ததால் அந்த மாதத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. மெசேஜும் அட்வான்ஸும் சேர்ந்து நடந்த ஆவணியில் 131 புக்கிங். சொல்லாமல் வராதவர்கள் 7 பேர். வைகாசியில் 26. ஒரு கடையின் நோட்டுதான் இது, மாதத்துக்கு மாதம் கூட்டமும் மாறும். இந்த எண்களை அப்படியே உங்கள் கடைக்குக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோக வேண்டியது அந்த நோட்டில் போட்ட நான்கு கட்டங்களை: வந்தவர், முன்பே சொன்னவர், சொல்லாமல் வராதவர், அட்வான்ஸ் என்றதும் நேரம் வாங்காமல் போனவர்.

நான்காவது கட்டத்தைப் பெரும்பாலான கடைக்காரர்கள் போடுவதே இல்லை. முதல் மூன்றை மட்டும் பார்த்தால் அட்வான்ஸ் எப்போதும் வெற்றியாகத்தான் தெரியும். மதுரையில் அந்தக் கட்டத்தில் ஆவணி மாதம் 6 பேர். அவர்களில் இரண்டு பேராவது வந்திருக்கக்கூடியவர்கள் என்று உரிமையாளர் நினைக்கிறார். அந்த எண்ணிக்கை, வராமல் போனவர்கள் குறைந்த எண்ணிக்கையைத் தாண்டினால் தொகை அதிகம் என்று பொருள், அல்லது கேட்கக் கூடாதவர்களிடம் கேட்கிறார்கள் என்று பொருள். அட்வான்ஸில் கடைக்குத் தங்கும் பணம் மாதாமாதம் கூடிக்கொண்டே போனாலும் சந்தேகப்பட வேண்டும். மெசேஜ் போய்ச் சேரவில்லை, அல்லது ரத்து செய்யும் வழி ஜனங்களுக்குத் தெரியவில்லை.

ஆவணியில் வராமல் போன 7 பேரில் அட்வான்ஸ் கட்டியிருந்தவர்கள் இரண்டு பேர். 400 ரூபாய் கடையில் தங்கியது. ஒரு வாரம் கழித்து அவர்களில் ஒருவர் போன் செய்தார். அம்மாவைத் திடீரென்று மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்களாம், போனையே பார்க்கவில்லையாம். பணத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. உரிமையாளர் நோட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடி எடுத்து, அன்று மாலையே 200 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். அந்த மாதம் அச்சாரத்தில் கடைக்குத் தங்கியது 200 ரூபாய்.